87 சதவீதம் எதைச் சொல்கிறது? கிளிப் மாடலால் படம் பிரிக்கும் வேலை

படத்தையும் அதை விவரிக்கும் வாக்கியத்தையும் பொருத்திப் பார்க்கும் கிளிப் மாடலைப் புதிதாக வேலைக்கு எடுப்பவர்களை முதலில் குழப்புவது அதன் சதவீதம். காலணி, பை, கைக்கடிகாரம் என்று மூன்று வகை கொடுத்து, ஒரு காலியான அறையின் படத்தைக் காட்டினால், "காலணி, 87 சதவீதம்" என்று தயங்காமல் சொல்லும். மாடல் கெட்டுவிட்டது என்று நினைக்கத் தோன்றும். கெடவில்லை. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பழகியதோ அதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறது. கேள்வி என்ன என்பதை நாம்தான் மறந்துவிடுகிறோம்.

அந்தக் கேள்வி பள்ளித் தேர்வில் வரும் "பொருத்துக" போன்றது. ஒரு பக்கம் படங்கள், மறுபக்கம் படக்குறிப்புகள். ஒரு பேட்சில் N ஜோடிகள் இருந்தால், N படங்களையும் N குறிப்புகளையும் தனித்தனி என்கோடர்கள் வெக்டர்களாக மாற்றும். ஒவ்வொரு வெக்டரின் நீளத்தையும் 1 ஆக்கிவிட்டு, எல்லாப் படங்களையும் எல்லாக் குறிப்புகளோடும் பெருக்கினால் N×N கட்டங்கள் கொண்ட அட்டவணை கிடைக்கும். மூலைவிட்டத்தில் இருப்பவை சரியான ஜோடிகள். மற்றவை எல்லாம் தவறானவை என்று வைத்துக்கொள்கிறோம்.

```python
logits = scale * img @ txt.T
labels = torch.arange(len(img))
loss = (F.cross_entropy(logits, labels)
        + F.cross_entropy(logits.T, labels)) / 2
```

வரிசை வாரியாக ஒரு முறை: இந்தப் படத்துக்கு எந்தக் குறிப்பு? நெடுவரிசை வாரியாக ஒரு முறை: இந்தக் குறிப்புக்கு எந்தப் படம்? அவ்வளவுதான் பயிற்சி. ஓப்பன்ஏஐ 2021இல் வெளியிட்ட கிளிப், இணையத்திலிருந்து திரட்டிய 40 கோடி ஜோடிகளில், 32,768 ஜோடிகள் கொண்ட பேட்சுகளாக இதைச் செய்தது. ஒரு பேட்சுக்கு ஏறத்தாழ 107 கோடி கட்டங்கள். "இந்தப் படத்தில் காலணி இருக்கிறதா, இல்லையா?" என்ற கேள்வி அதில் எங்குமே இல்லை. சரியான விடை பட்டியலுக்குள் நிச்சயம் உண்டு என்ற உறுதியோடுதான் ஒவ்வொரு முறையும் கேட்கப்பட்டது.

இப்போது அந்த 87க்கு வருவோம். வகைகளை `a photo of a shoe.`, `a photo of a bag.`, `a photo of a watch.` என்று வாக்கியங்களாக்கி, அவற்றின் வெக்டர்களைப் படத்தின் வெக்டரோடு ஒப்பிடுகிறோம். உண்மையான காலணிப் படத்துக்கு, இரு வெக்டர்களின் நெருக்கத்தைச் சொல்லும் கோசைன் மதிப்புகள் 0.27, 0.24, 0.21 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாடலுக்கு இவை இயல்பான அளவுகள்தாம்; மிகச் சரியான ஜோடிகூட 0.3ஐச் சுற்றித்தான் நிற்கும். மேலே உள்ள `scale` பயிற்சியின்போது தானாகக் கற்றுக்கொள்ளப்படும் எண். 14 அளவில் தொடங்கும், 100க்கு மேல் போகாமல் தடுத்து வைத்திருப்பார்கள், வெளியான மாடல்களில் அந்த 100இல்தான் நிற்கிறது. ஆகவே 27, 24, 21 என்று, எண்களைச் சதவீதப் பங்குகளாக மாற்றும் சாஃப்ட்மேக்ஸுக்குள் போகின்றன. வெளியே வருவது 95, 4.7, 0.2 சதவீதம். வெறும் 0.03 வித்தியாசம்தான் 95ஆக உருவெடுக்கிறது.

காலி அறைப் படத்துக்கு 0.19, 0.17, 0.15 வந்தால்? மூன்றுமே குறைவு, எதுவும் பொருந்தவில்லை. ஆனால் சாஃப்ட்மேக்ஸ் வித்தியாசத்தை மட்டும்தான் பார்க்கும்: 87, 12, 2. மூன்றும் பொருந்தவில்லை என்ற செய்தி 0.19 என்ற மூல எண்ணில் இருந்தது. சதவீதமாக மாற்றிய அந்த ஒரு வரியில் அதைத் தூக்கி எறிந்துவிட்டோம். எனவே, தரவுத்தளத்தில் சதவீதத்தை மட்டும் சேமிக்கும் வழக்கத்தை முதல் நாளே நிறுத்திவிடுவது நல்லது. மூலக் கோசைனையும் சேர்த்து எழுதி வையுங்கள். பின்னால் எந்தத் தகராறு வந்தாலும் அதுதான் கைகொடுக்கும்.

இதற்கு எல்லோருக்கும் தோன்றும் மருந்து, "மற்றவை" என்று நான்காவது வகையைச் சேர்ப்பது. `a photo of something else.` என்று எழுதிப் பார்ப்பார்கள். அது பெரும்பாலும் வேலை செய்யாது. காலி அறைப் படத்தின் கீழே "வேறு ஏதோ ஒன்று" என்று இணையத்தில் யாரும் எழுதுவதில்லை. அந்த வாக்கியத்தின் வெக்டர் எந்தப் படத்தின் அருகிலும் போய் நிற்கப் பழகவில்லை. உங்கள் குவியலில் உண்மையில் வந்து விழும் குப்பை என்னவென்று ஒரு நூறு படத்தைப் புரட்டிப் பார்த்து, அதையே பெயர் சொல்லி எழுதுவதுதான் பலன் தரும்: `a screenshot of a phone.`, `a scanned document.`, `a photo of an empty room.` இவற்றில் ஒன்று வென்றால் அந்தப் படத்தை ஒதுக்கிவிடலாம்.

அதற்கு மேலும் ஒரு வாசல் வேண்டும்: மூலக் கோசைனுக்கு ஒரு கீழ் வரம்பு. இங்கே 0.22 என்று எல்லா வகைக்கும் பொதுவாக ஓர் எண்ணைப் போட்டுவிட்டு நகர்வது அடிக்கடி நடக்கும் தவறு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் அடித்தளம் உண்டு. சில வாக்கியங்கள் எந்தப் படத்தோடும் சற்றுக் கூடுதலாகவே ஒட்டும், சில குறைவாக ஒட்டும். இதைக் கண்டுபிடிக்க லேபிள்கூடத் தேவையில்லை. கையிலுள்ள எல்லாப் படங்களுக்கும் ஒவ்வொரு வாக்கியத்தின் சராசரிக் கோசைனைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் 0.02 உயரத்தில் நின்றால், 100ஆல் பெருக்கும்போது அது இலவசமாகப் பெறும் மதிப்பெண் 2. விளிம்பில் நிற்கும் படங்களையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும். வரம்பை வகைக்கு வகை தனியாக, கையால் சரிபார்த்த ஐம்பது, நூறு படங்களை வைத்து முடிவு செய்வதே பாதுகாப்பு.

வாக்கிய அமைப்பைப் பற்றி நிறைய மாயாஜாலக் குறிப்புகள் உலவுகின்றன. அளந்து பார்த்தவை குறைவு. மூல ஆய்வறிக்கையின்படி, இமேஜ்நெட் என்ற படத் தொகுப்பில் வெறும் வகைப்பெயருக்குப் பதில் `a photo of a {}.` என்று எழுதியது துல்லியத்தை 1.3 புள்ளி கூட்டியது. 80 விதமான வாக்கியங்களின் சராசரியை எடுத்தது மேலும் 3.5 புள்ளி கூட்டியது. காரணம் எளிது: பயிற்சியில் வந்த குறிப்புகள் பெரும்பாலும் வாக்கியங்கள், ஒற்றைச் சொற்கள் அல்ல. சராசரியை வெக்டர்களில் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் நீளம் 1 ஆக்கிய பிறகு சராசரி எடுத்து, கிடைத்ததை மறுபடி நீளம் 1 ஆக்க வேண்டும். இரண்டாவதை மறந்தால், வாக்கியங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக உள்ள வகைக்கு நீளமான வெக்டர் கிடைத்து, காரணமில்லாமல் முன்னுக்கு வரும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் இது மாதக்கணக்கில் ஒளிந்திருக்கக்கூடியது. (மூல கிளிப் ஆங்கிலக் குறிப்புகளில் பயின்றது. தமிழ் லேபிளை நேரடியாகக் கொடுத்தால் அதன் டோக்கனைசர் ஒவ்வோர் எழுத்தையும் பைட்டுகளாக நொறுக்கிவிடும். 77 டோக்கன் இடமும் சட்டென நிரம்பிவிடும்.)

பொருத்துக என்ற அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டால், மாடலின் பலவீனங்களையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். 32,768 குறிப்புகளுக்குள் ஒரு காலணிப் படத்தின் குறிப்பைக் கண்டுபிடிக்க, "காலணி" என்பதை உணர்ந்தாலே ஏறக்குறைய போதும். அதே பேட்சில் "கிழிந்த காலணி", "கிழியாத காலணி", "மூன்று காலணிகள்" என்று அருகருகே வந்து நிற்பது அபூர்வம். ஆகவே கிழிசல், எண்ணிக்கை, இடது வலது, "இல்லை" என்ற சொல் இவற்றையெல்லாம் கவனிக்க மாடலுக்கு நெருக்கடியே ஏற்படவில்லை. பழுதான பொருளைத் தனியாகப் பிரித்துத் தாருங்கள் என்று கேட்கும் வேலையை, சொந்தப் படங்களில் பயிற்றுவிக்காமல் வாக்கியங்களை மட்டும் வைத்துப் பிரிக்கும் ஜீரோ-ஷாட் முறையில் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் பத்துப் படத்தில் சரியாக வருவது போலத் தெரியும், அதன் பிறகு நாணயம் சுண்டிய கதைதான்.

நேர்மாறாக, படத்துக்குள் அச்சிடப்பட்ட எழுத்தை அது தேவைக்கு மேல் கவனிக்கும். படத்தில் தெரியும் எழுத்தே குறிப்பிலும் இடம்பெறுவது இணையத்தில் சகஜம். பொருத்துவதற்கு அது எளிய வழி. 2021இல் ஓப்பன்ஏஐ ஆய்வாளர்களே ஓர் ஆப்பிள் பழத்தில் "iPod" என்று எழுதிய தாளை ஒட்டி, மாடல் அதை ஐபாட் என்று சொல்வதைக் காட்டினார்கள். `WATCH` என்று பெரிதாக அச்சிட்ட வெறும் அட்டைப்பெட்டி, கைக்கடிகார வகைக்குள் போய்விடக்கூடும். சந்தேகமான படத்தில் எழுத்துள்ள பகுதியை மறைத்துவிட்டு மறுபடி ஓட்டினால் விடை மாறுகிறதா என்று பார்ப்பது விரைவான சோதனை.

சொந்தத் தரவில் மாடலை மேலும் பயிற்றுவிக்கும் கட்டம் வரும்போது, அதே பொருத்துக வேறு வகையில் கடிக்கும். எட்டு வகைகள், ஒவ்வொரு வகைக்கும் ஒரே வாக்கியம், பேட்ச் 256 என்று வைத்தால், ஒரு பேட்சில் ஒரே வாக்கியம் சராசரியாக 32 முறை வரும். மாடல் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாலும் அந்த 32இல் எது மூலைவிட்டத்தில் உள்ளது என்பதை அதனால் அறிய முடியாது. லாஸ் ln 32, அதாவது 3.47க்குக் கீழே இறங்காது. அதைக் குறைக்கக் கற்றல் விகிதத்தைத் திருகிக்கொண்டிருப்பது வீண் வேலை. ஒவ்வொரு படத்துக்கும் தனிக் குறிப்பு எழுதுங்கள், அல்லது ஒரே வாக்கியம் உள்ள கட்டங்களையெல்லாம் சரி என்று ஏற்கும் வகையில் லேபிளை மாற்றுங்கள்.

மறுமுனையில், லாஸ் ln N இலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், அதாவது 256க்கு 5.55 என்று நின்றால், மாடல் எதையும் பிரித்தறியவில்லை என்று பொருள்: எல்லாப் படங்களும் ஏறக்குறைய ஒரே வெக்டராகச் சுருங்கியிருக்கலாம், அல்லது படமும் குறிப்பும் தரவேற்றத்தில் கலைந்து ஜோடி மாறியிருக்கலாம். நினைவகம் போதாமல் கிரேடியன்ட் அக்குமுலேஷன் வைத்து 256ஐ எட்டு முறை கூட்டினால், அது 2,048 ஆகிவிடாது. ஒவ்வொரு படமும் தன் 256க்குள் மட்டுமே ஒப்பிடப்படுகிறது. பல ஜிபியு வைத்தாலும் வெக்டர்களை எல்லாக் கருவிகளிலிருந்தும் ஒன்றுதிரட்டிய பிறகே அட்டவணையைக் கட்ட வேண்டும்.

உண்மையில் பெரும்பாலான வேலைகளுக்கு இவ்வளவு தூரம் போகத் தேவையிருக்காது. மூல ஆய்வறிக்கையில், அதே பட வெக்டர்களின் மேல் வகைக்கு 4 படம் மட்டும் கொடுத்துப் பயிற்றுவித்த லீனியர் வகைப்படுத்தி, சராசரியில் ஜீரோ-ஷாட்டுக்குச் சமமாக வந்தது. வரம்பைச் சரிபார்க்கவென்று ஏற்கெனவே வகைக்கு நூறு படம் லேபிள் செய்திருக்கிறீர்கள் என்றால், அவற்றில் பாதியை எடுத்து ஒரு லாஜிஸ்டிக் ரிக்ரஷனை ஓட்டிப் பாருங்கள். சாதாரண சிபியுவிலேயே சட்டென முடிந்துவிடும். கிழிந்த காலணி போன்ற வேலைகளில் வாக்கியத்தை மாற்றி மாற்றி எழுதுவதைவிட இதுவே அதிகம் உதவக்கூடும்.

பொருத்துக என்ற கேள்வியையே மாற்றிய மாடலும் இருக்கிறது. 2023இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட சிக்லிப், சாஃப்ட்மேக்ஸை விட்டுவிட்டு ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாக சிக்மாய்டு போட்டு "இது ஜோடியா, இல்லையா?" என்று கேட்கிறது. காலி அறைக்கு மூன்று வகையிலும் குறைந்த மதிப்பெண் என்று அதனால் சொல்ல முடியும். வரம்பை வகைக்கு வகை சரிபார்க்கும் வேலை அதற்கும் உண்டு, ஏனெனில் அதன் எண்களும் உங்கள் படங்களில் அளந்தவை அல்ல.