இருப்பில் 3 மட்டுமே

"அக்கா, இந்த 3 நிஜமா?" என்றுதான் கேட்டாள். "நிஜம்தான், வேணும்னா சிஸ்டத்துல பாரு" என்று சொல்லித் திரையையும் அவள் பக்கம் திருப்பினேன். அதில் 3 என்றுதான் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை என்று இதுவரை பத்து தடவையாவது எனக்கு நானே சொல்லிக்கொண்டுவிட்டேன். பத்து தடவை சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் உறுத்துகிறது.

எங்கள் கடையின் இணையப் பக்கத்துக்கும் வாட்ஸ்அப்புக்கும் வாசகம் எழுதுவது என் வேலை. எம்.பி.ஏ. படிக்கும் அந்தப் பெண் ஒரு கட்டுரைக்காக இரண்டு வாரம் எங்களோடு உட்கார்ந்திருந்தாள். கடைகள் அனுப்பும் செய்திகளைச் சேர்க்க வேண்டும், ஒவ்வொன்றும் எந்த வகையில் நம்மை வாங்க வைக்கிறது என்று பிரிக்க வேண்டும். உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1984இல் சொன்ன ஆறு வகைகள்தான் அடிப்படை. அவற்றில் பற்றாக்குறை, கைம்மாறு, நாலு பேர் செய்வதைப் பார்த்து நாமும் செய்வது என்ற மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது ஐம்பது ஸ்கிரீன்ஷாட் வைத்திருந்தாள், பாதி எங்களுடையது. அதாவது நான் எழுதியது.

பெண் கெட்டிக்காரி. வேறொரு கடையின் பக்கத்தில் "சலுகை முடிய இன்னும் 01:58:40" என்று ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை அவள் பிடித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து அதே பக்கத்தை இன்காக்னிட்டோவில் திறந்திருக்கிறாள், கடிகாரம் மறுபடி இரண்டு மணி நேரத்திலிருந்து ஓட ஆரம்பித்திருக்கிறது. அப்படியானால் சலுகைக்கு முடிவு நேரம் என்று ஒன்று கிடையாது, நீங்கள் எப்போது வந்தீர்களோ அதிலிருந்து எண்ணுகிறார்கள், அந்தக் கணக்கும் உங்கள் பிரவுசரில்தான் இருக்கிறது. சர்வரில் ஒரு நேரம் உண்மையாகவே குறித்திருந்தால் எந்தப் போனில் திறந்தாலும் ஒரே எண்தான் வரும். இதை நான் சொல்லித் தரவில்லை, அவளாகவே கண்டுபிடித்தாள். இவ்வளவு தெரிந்தவள் எங்கள் 3ஐ மட்டும் ஏன் சோதிக்கவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஓரிடத்தில் நான் திருத்தினேன். "1,499க்கு மேல் வாங்கினால் பிளவுஸ் பிட் இலவசம்" என்ற செய்தியைக் கைம்மாறு என்று போட்டிருந்தாள். அது கைம்மாறு இல்லை, பேரம். காசு கொடுத்தால்தான் பிட், அதனால் வாங்குகிறவருக்குக் கடன்பட்ட உணர்வே வராது. கைம்மாறு என்றால் கொடுக்கிறவர் முதலில் கொடுக்க வேண்டும், எதையும் கேட்காமல் கொடுக்க வேண்டும். நம் ஊரில் இதற்குப் பாடமே வேண்டாம், மொய் நோட்டு போதும். நம் வீட்டு விசேஷத்தில் 500 வைத்தவர் வீட்டுக்கு 200 வைக்க யாருக்கும் கை வராது. 1971இல் டென்னிஸ் ரீகன் செய்த சோதனை இதேதான். கூட இருந்தவர் கேட்காமலேயே ஒரு கோக் வாங்கிவந்து கொடுத்தார், பிறகு லாட்டரிச் சீட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார். கோக் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சீட்டு வாங்கினார்கள். எங்கள் கடையில் அந்த வகையில் வருவது ஒன்றே ஒன்றுதான்: முதல் பார்சலில் காட்டன் சேலையை எப்படித் துவைப்பது, கஞ்சி எந்தப் பதத்தில் போடுவது என்று நான் எழுதி வைக்கும் சின்ன அட்டை. அதில் விற்பனை வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. அதற்குத்தான் நிறைய பேர் "தேங்க்ஸ்" என்று திரும்ப எழுதுகிறார்கள், பல பேர் திரும்ப வாங்குகிறார்கள். அட்டையை நல்லெண்ணத்தில்தான் எழுதினேன். விற்பனை கூடும் என்றும் தெரிந்துதான் எழுதினேன். சரி, அதை விடுவோம்.

3க்கு வருகிறேன். அது ஒரு மாம்பழ மஞ்சள் செட்டிநாடு காட்டன், 1,150 ரூபாய், ஒரு லாட்டில் 60 சேலை. இணையத்துக்கு ஒரு நாளைக்கு 8தான் விடுவோம், காலை 10 மணிக்கு. இருப்பு 5க்குக் கீழே இறங்கினால் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் "இருப்பில் __ மட்டுமே" என்று தானாக வரும், கோடிட்ட இடத்தில் சிஸ்டம் எண்ணைப் போட்டுக்கொள்ளும். அவள் கேட்டது அந்த லாட்டை விட ஆரம்பித்த மூன்றாம் நாள் மதியம். அன்றைக்கு விட்ட 8இல் 5 போய்விட்டது, 3 மிச்சம். மேல் மாடி ரேக்கில் 36 சேலை பிரிக்காத கட்டில் இருந்தது. அது எனக்குத் தெரியும்.

எட்டெட்டாக விடுவது ஏமாற்றுவதற்காக ஆரம்பித்தது இல்லை, இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரே சரக்கு கவுன்டரிலும் போகும், மொத்தத்திலும் போகும், இணையத்திலும் போகும். ஒரு தீபாவளிக்கு மொத்தத்தையும் சைட்டில் திறந்துவிட்டு, இல்லாத சேலைக்கு ஆர்டர் எடுத்து, இரண்டு நாள் முழுக்கப் போனில் திட்டு வாங்கிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அதன்பிறகுதான் இணையத்துக்கென்று தனியாகக் கொஞ்சம் ஒதுக்க ஆரம்பித்தார்கள். ஆனால் அப்படி ஒதுக்கியபோது எண் சின்னதாகத் தெரிந்தால் வேகமாகப் போகிறது என்று கண்டுகொண்டதும் நாங்கள்தான், 15ஐ 8ஆக்கியதும் நாங்கள்தான். மதியம் 4, சாயங்காலம் 2 என்று வாங்க வருகிறவர் கண்முன்னே இறங்கும். 1975இல் ஸ்டீபன் வொர்ச்செலும் உடனிருந்தவர்களும் செய்த பிஸ்கட் சோதனையில் இதைத்தான் பார்த்தார்கள். ஜாடியில் முதலிலிருந்தே இரண்டு பிஸ்கட் இருந்ததைவிட, பத்து இருந்த ஜாடி எடுபட்டு இரண்டானபோது அந்தப் பிஸ்கட் இன்னும் உசத்தியாகத் தெரிந்தது. மற்றவர்கள் எடுத்ததால் குறைந்தது என்றால் இன்னும் கூடுதல். அங்கே பற்றாக்குறையும் நாலு பேரும் ஒன்று சேர்ந்துவிடுகிறார்கள். எங்கள் சிவப்பு எழுத்தும் ஒரே வரியில் இரண்டையும் செய்கிறது.

அவள் கேட்டதற்கு "இன்னைக்கு விட்டதுல 3 இருக்கு, மேல இன்னும் இருக்கு" என்று சொல்லியிருக்கலாம். எட்டு வார்த்தைகூட ஆகாது. ஏன் சொல்லவில்லை என்றால், கடையின் உள்கணக்கை வெளியாளிடம் சொல்லக் கூடாது என்பது ஒன்று, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த நிமிஷம் என் மனதில் அது இல்லை. அவள் முன்னால் நான் எழுதிய வரி சுத்தமாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான் இருந்தது. அடுத்த கடையின் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.

கட்டுரையை அனுப்பி வைத்தாள். பதினோராம் பக்கத்தில் எங்கள் ஸ்கிரீன்ஷாட், அதன் கீழே "இது உண்மையான பற்றாக்குறை, நிறுவன ஊழியர் இருப்புப் பதிவைக் காட்டி உறுதி செய்தார்" என்று ஒரு வரி. போலிக்கு எடுத்துக்காட்டு அந்தக் கடிகாரம், உண்மைக்கு எடுத்துக்காட்டு நாங்கள். மறுநாள் காலை அதே பக்கத்தை ஒரு தடவை திறந்திருந்தால் புதிதாக 8 சேர்ந்து அந்தச் சிவப்பு எழுத்தே காணாமல் போயிருப்பதைப் பார்த்திருப்பாள். பார்க்கவில்லை. வேலை தெரிந்தவள் சொன்னால் நம்பலாம், பிடித்த அக்கா சொன்னால் இன்னும் நம்பலாம், அந்த அக்கா பத்து நாளாகத் தன் டிபன் பாக்ஸிலிருந்து பாதி எடுத்துக் கொடுப்பவளாகவும் இருந்தால் கேள்வியே வராது. அவள் எடுத்துக்கொள்ளாமல் விட்ட வகைகளும், எடுத்துக்கொண்ட கைம்மாறும் அவள் மேலேயே வேலை செய்திருக்கின்றன. நான் வேண்டுமென்று செய்யவில்லை. எலுமிச்சை சாதம் நிறைய இருந்தது, கொடுத்தேன், அவ்வளவுதான்.

அப்புறம்தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களை எடுத்துப் படித்தேன். வாங்குகிறவரை ஏமாற்றும் 13 வழிகளை அதில் பட்டியல் போட்டிருக்கிறார்கள், போலி அவசரம் அதில் ஒன்று. பொய்யாக அவசரத்தையோ பற்றாக்குறையையோ சொன்னால் மட்டும் இல்லை, அப்படி நினைக்க வைத்தாலும் அதில் வரும். நான் இத்தனை நாள் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். எண் சரிதான். ஆனால் "3 மட்டுமே" என்று படிக்கிற ஒருத்தி, இந்த மூன்றும் போனால் இந்தச் சேலை இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வாள். அந்த "மட்டுமே" சிஸ்டம் போட்டது இல்லை, நான் போட்டது.

சாரிடம் சொல்லி வாசகத்தை மாற்றிப் பார்த்தேன்: "இன்றைய லாட்டில் 3 மீதம். அடுத்தது நாளை காலை 10 மணிக்கு." விற்பனை விழும் என்று பயந்தார், நானும்தான். விழவில்லை. காலை 10 மணிக்கு ஆட்கள் காத்திருந்து வாங்க ஆரம்பித்தார்கள், சில நாள் பத்தேகாலுக்கே 8ம் காலி. சாருக்குச் சந்தோஷம், என்னைப் பாராட்டினார். எனக்கென்னவோ நேர்மையானேனா, இல்லை முன்பைவிடத் திறமையான ஒரு பற்றாக்குறையைச் செய்துவிட்டேனா என்று பிடிபடவில்லை. மேலே சேலை இருக்கத்தான் செய்கிறது, எட்டுதான் விடுகிறோம். இப்போது அதைச் சொல்லிவிட்டுச் செய்கிறோம். அவள் வந்து இதை எந்த வகையில் சேர்ப்பாய் என்று கேட்டால் என்ன சொல்வேன்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலம் ஆர்டர் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அதே மாம்பழ மஞ்சள், ஒன்று, அம்மா பெயருக்கு. 3, 2 ஆயிற்று. அந்தப் பார்சலில் துவைக்கும் அட்டையை நானே வைத்தேன், கூடவே ஒரு பிளவுஸ் பிட்டும், எதையும் கேட்காமல். குற்ற உணர்ச்சியா, அன்பா, பழக்கமா தெரியாது. ஒரு வாரம் கழித்து அவளிடமிருந்து ஐந்து நட்சத்திரம் வந்தது: "கடைசி சில சேலைகளில் ஒன்று கிடைத்தது அதிர்ஷ்டம். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது."

எந்த விமர்சனம் பக்கத்தில் மேலே வர வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதும் என் வேலைதான். சார் இரண்டு தடவை அதைக் காட்டி "இது நல்லா இருக்கே, ஏன் மேல போடல?" என்று கேட்டுவிட்டார். போடுகிறேன் சார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.