நின்றுபோன பேதி

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சித்த மருத்துவப் பிரிவில் நான் சேர்ந்த முதல் வருடம். ஐப்பசி அடைமழை. கைப்பம்பைச் சுற்றிக் கணுக்கால் அளவு தண்ணீர் நின்ற ஊர்களிலிருந்து தினமும் வயிற்றுப்போக்குக் குழந்தைகள் வந்துகொண்டிருந்தன. ஒரு காலையில் ஒரு பாட்டி பதினான்கு மாதப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே குழந்தையின் அம்மா, சேற்றுக் காலோடு.

"பேதி நின்னுடுச்சு டாக்டரம்மா. நேத்து ராத்திரியிலேர்ந்து ஒண்ணுமே போகல. சோந்து கெடக்கு, அதான் தூக்கிட்டு வந்தேன்."

என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். மாதுளம் ஓட்டுக் கஷாயம். போன மாதம் மூத்த பிள்ளைக்கு நான் எழுதிக் கொடுத்ததேதான். அதற்குக் கேட்டதால், மிச்சமிருந்த காய்ந்த ஓட்டை இடித்துக் கொதிக்க வைத்துச் சின்னதற்கும் இரண்டு நாளாக ஊற்றியிருக்கிறார். கூடவே தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். குடித்தால் இன்னும் போகும் என்று பயம். பால் மாந்தமாகிவிடும் என்று தாய்ப்பாலும் பாதியாகக் குறைந்திருந்தது.

பேதி நின்றது உண்மை. ஆனால் வயிறு உப்பியிருந்தது, அழுத குழந்தையின் கண்ணில் நீர் இல்லை, கண் உள்ளே போயிருந்தது. தொப்புளுக்குப் பக்கவாட்டில் தோலை இரு விரலால் பிடித்து விட்டேன். அந்த மடிப்பு உடனே படியாமல் மெதுவாகத்தான் படிந்தது. "கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போச்சு?" என்று கேட்டேன். பாட்டியும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை யாரும் கவனிக்கவில்லை. கஷாயம் எழுதிக் கொடுத்த அன்று கவனிக்கச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. பேதி நின்றால் நிறுத்திவிடுங்கள் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

மாதுளம் ஓடு வேலை செய்யாத மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு துண்டை மென்றால் வாழைக்காய்த் தோலைக் கடித்த மாதிரி நாக்கைப் பிடிக்கும். அந்தத் துவர்ப்பு டானின் எனும் பொருளால் வருவது. குடலின் உள்தோலில் உள்ள புரதத்தோடு அது சேர்ந்து இறுகும், நீர் சுரப்பதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். எலிகளில் செய்த சோதனைகளிலும் பேதி குறைந்திருக்கிறது. சித்தத்தில் கழிச்சலுக்குத் துவர்ப்புச் சரக்குகளைக் கொடுப்பதன் கணக்கும் இதுதான். ஆனால் ஏற்கெனவே வெளியே போன நீரையும் உப்பையும் அது திருப்பித் தராது. எட்டில் ஒன்றாக வற்ற வைத்த கஷாயம் ஒரு கரண்டியோ இரண்டு கரண்டியோதான் உள்ளே போகும். இந்த வயதுக் குழந்தைக்கு ஒவ்வொரு முறை தண்ணியாகப் போன பிறகும் ஈடுகட்டவே 50 முதல் 100 மில்லி வேண்டும்.

அப்புறம், மலம் வெளியே வராததால் இழப்பு நின்றது என்றும் ஆகாது. குடலுக்குள் இறங்கித் தேங்கிய நீரும் உடம்புக்குப் போன நீர்தான். உடம்பு வற்றினாலும் பேதி குறையும். அந்தக் குழந்தைக்குக் கஷாயத்தால் நின்றதா, வற்றியதால் நின்றதா என்பதை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வீட்டில் இருப்பவர்களால் எப்படி முடியும்? மோஷன் எண்ணிக்கை ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பக்கத்து அறை மருத்துவர் வந்து பார்த்தார். குழந்தை கண் விழித்து எரிச்சலோடு இருந்தது, கரண்டியைக் காட்டியதும் எட்டிப் பிடித்தது. தாகத்தோடு குடிக்கிறது, குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதில்லை, வாய் வழியே கொடுக்கலாம் என்றார். துவண்டுபோய்க் குடிக்கவே முடியாத குழந்தையாக இருந்திருந்தால் நேரே ஊசி வழியாகத்தான்.

எடை 8 கிலோ. ஒரு கிலோவுக்கு 75 மில்லி வீதம் 600 மில்லி ஓ.ஆர்.எஸ். உப்பு சர்க்கரைக் கரைசல், நான்கு மணி நேரத்தில். கேட்டால் பெரிய அளவாகத் தெரியும். 5 மில்லி கரண்டியில் அது 120 கரண்டி, அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. கடிகாரத்தைக் காட்டி அம்மாவிடம் கரண்டியைக் கொடுத்தேன்.

கரைசல் கலக்கும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. வீட்டில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருந்திருக்கிறது, நர்ஸம்மா கொடுத்தது. முதல் நாள் அதை ஒரு டம்ளர் தண்ணீரில் முழுசாகக் கொட்டிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். குழந்தை துப்பிவிட்டதாம். துப்பியது நல்லதாயிற்று. 1 லிட்டருக்கான பொடியை ஒரு டம்ளரில் கரைத்தால் அந்த உப்பு உடம்பில் இருக்கிற நீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். உப்பும் சர்க்கரையும் சரியான விகிதத்தில் இருந்தால்தான் குடல் இரண்டையும் ஒரே வாசல் வழியாகச் சேர்த்து உள்ளே வாங்கும், பின்னாலேயே தண்ணீரும் போகும். பேதி போய்க்கொண்டிருக்கும்போதும் அந்த வாசல் திறந்தேதான் இருக்கும். 1971-ல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மஹாலனபிஸ் உப்பு சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தே காலரா நோயாளிகளைக் காப்பாற்றியது இதை நம்பித்தான்.

பதினைந்தாவது கரண்டி வாக்கில் குழந்தை வாந்தி எடுத்தது. பாட்டி கரண்டியைப் பிடுங்கப் பார்த்தார். பத்து நிமிடம் பொறுத்து, மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக மறுபடி ஆரம்பித்தோம். வாந்தி வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வேறு சிக்கல். குழந்தைக்குத் தண்ணியாகப் போயிற்று.

"நின்னிருந்த பேதியை மறுபடி கௌப்பிவிட்டுட்டீங்களே!" பாட்டி என்னிடம் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. அவர் கணக்கில் இரண்டு நாள் உழைப்பு வீணாகிவிட்டது. கரைசல் பேதியை நிறுத்துகிற மருந்து இல்லை, போவது போகட்டும், அதைவிட அதிகமாக உள்ளே போனால் பிள்ளை பிழைக்கும் என்று சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை. மூன்றாவது மணி நேரத்தில் அவர் மடி நனைந்தது. சேலையைத் தூக்கிப் பார்த்தார். மஞ்சளாக, கொஞ்சம்தான். ஆனால் சிறுநீர்.

அதற்குப் பிறகும் நான் மாதுளம் ஓடு எழுதுகிறேன், பெரியவர்களுக்கும் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்கும். கைக்குழந்தைக்கு இவ்வளவு என்று சோதித்து முடிவான அளவு அதற்குக் கிடையாது, அதனால் கொடுப்பதில்லை. மலத்தில் ரத்தம் இருந்தால் யாருக்குமே கொடுப்பதில்லை, அங்கே அடைக்கிற வேலை ஆகாது. நாட்டு மருந்துக் கடையில் 'மாதுளம் பட்டை' என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது என்றும் சொல்லியனுப்புவேன். நாடாப்புழுவுக்குப் பயன்பட்ட வேர்ப்பட்டை வேறு சரக்கு, அதில் நச்சுத்தன்மை உண்டு. ஜாதிக்காய் உரைத்துக் கொடுத்தீர்களா என்பதையும் தவறாமல் கேட்பேன். அதிகமானால் அது தூங்கவைக்கும். பேதியாகும் குழந்தை ஜாதிக்காயால் தூங்குகிறதா, வற்றித் துவண்டு கிடக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்வது கஷ்டம். அப்படி வந்தால் துவண்டதாகவே எடுத்துக்கொள்கிறோம்.

அந்தப் பேத்திக்கு 20 மில்லிகிராம் துத்தநாக மாத்திரையைப் பதினான்கு நாளைக்குக் கொடுத்தனுப்பினோம், தாய்ப்பாலை ஒரு கரண்டியில் பீய்ச்சிக் கரைத்துக் கொடுக்கச் சொல்லி. இரண்டு வாரம் கழித்து நர்ஸம்மாவோடு அந்த வீட்டுக்குப் போனேன். குழந்தை திண்ணையில் தவழ்ந்துகொண்டிருந்தது. மாடக்குழியில் மாத்திரை அட்டை, ஐந்து மிச்சம். "பேதிதான் நின்னுடுச்சே" என்றார் பாட்டி. பக்கத்தில் 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று, கழுவிக் கவிழ்த்தியிருந்தது. அதை மட்டும் யாரும் எடுக்கக் கூடாதாம்.