பைக் கேமராவுக்கு ஹாரன் வயரிலிருந்து கரன்ட் எடுத்த கதை

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு டிப்பர் லாரி இண்டிகேட்டர் போடாமல் என் முன்னால் திரும்பியது. விழவில்லை, ஆனால் தப்பு என் மேல்தான் என்று டிரைவர் சாதித்தார். தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு தினமும் பைக்கில் போய் வருபவன் நான். அன்றைக்கே கேமரா வாங்குவதென்று முடிவு செய்தேன்.

முதலில் நண்பனிடம் ஒரு ஆக்‌ஷன் கேமராவை இரவல் வாங்கி, ஹெல்மெட்டின் தாடைப் பக்கம் ஒட்டினேன். படம் அருமையாக வந்தது. கழுத்துதான் வலித்தது. நூற்றைம்பது கிராம் சுமை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் நாலுவழிச் சாலையில் எண்பதில் போகும்போது தலையைத் திருப்பினால் காற்று அதைப் பிடித்து இழுக்கிறது. அதைவிட யோசிக்க வைத்தது வேறு. கீழே விழுந்தால் ஹெல்மெட் தரையில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் கட்டி எதிலாவது மாட்டினால் தலையோடு கழுத்தும் திருகும். போல்ட் போட ஓட்டை போடலாம் என்று கடைக்காரர் சொன்னார். ஓட்டை போட்ட ஓடு பலவீனமாகிவிடும், ஐஎஸ்ஐ முத்திரைக்கும் அர்த்தம் இருக்காது. சரி, கழற்றிவிடலாம் என்று ஒட்டிய பசையைத் துடைக்கப் பெட்ரோலைக் கையில் எடுத்தேன். மெக்கானிக் அண்ணன் பதறிப்போய்ப் பிடுங்கினார். பெட்ரோலோ தின்னரோ பட்டால் ஹெல்மெட்டின் பிளாஸ்டிக் ஓடு அரித்துப்போகும், வெளியே பார்த்தால் தெரியாது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து நகத்தால் சுரண்டினேன். அரை நாள் ஆனது.

அப்புறம் முன்னும் பின்னும் லென்ஸ் உள்ள பைக் டேஷ்கேம் ஒன்று வாங்கினேன். ஹேண்டில்பாரில் மாட்டியபோது அதிர்வில் எதிரே வரும் வண்டியின் நம்பர் பிளேட் கூழாகத் தெரிந்தது. ஹெட்லைட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டில் ஒரு தடித்த தகடு வைத்து, ரப்பர் வாஷரோடு இறுக்கியதும் எழுத்து படிக்கும்படி வந்தது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, வயர் இழுபடாத அளவுக்குத் தொய்வு விட்டேன்.

கரன்ட்டில்தான் மாட்டிக்கொண்டேன். கேமராவோடு வந்த 12 வோல்ட்டை 5 ஆக்கும் கன்வெர்ட்டரை நேராக பேட்டரியில் கொடுத்துவிட்டேன். சாவியை எடுத்த ஒரு நிமிடத்தில் திரை அணைந்தது, கேமராவும் நின்றுவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் காலை செல்ஃப் 'டிக் டிக்' என்றது. கிக்கர் உதைத்தால் கால் வலிதான் மிச்சம். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி, பேட்டரி செத்தால் பெட்ரோல் பம்ப் ஓடாது.

அண்ணன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, இடையில் மல்டிமீட்டரை ஆம்பியர் முனையில் வைத்தார். சாவி இல்லாமலேயே 0.28 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. திரைதான் அணைந்தது, பதிவு ராத்திரி முழுக்க நடந்திருக்கிறது. என் பேட்டரி 4 ஆம்பியர்-மணி. இரவு எட்டு முதல் காலை ஏழுவரை பதினொரு மணி நேரத்தில் மூன்று ஆம்பியர்-மணி போய்விட்டால் செல்ஃபுக்கு என்ன மிஞ்சும்? "தம்பி, மீட்டரை இப்படி வச்சுட்டு செல்ஃப் மட்டும் அடிச்சுடாதீங்க, மீட்டர் பியூஸ் போயிடும்" என்றார்.

சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் வயர் வேண்டும். ஹாரனில் எடுக்கலாம் என்றார். நான் மீட்டரை வைத்துப் பார்த்தால் ஹாரனின் இரண்டு முனையிலும் 12 வோல்ட் காட்டியது. குழம்பினேன். என் வண்டியில் பட்டன் நெகட்டிவ் பக்கம் இருக்கிறது, அதை அழுத்தாதவரை ஹாரன் சுருள் வழியாகவே மறுமுனைக்கும் வோல்ட் போய்விடுகிறது. இரண்டு வயரையும் ஹாரனிலிருந்து பிடுங்கிப் பார்த்தால்தான் எது வரும் வயர், எது பட்டனுக்குப் போகும் வயர் என்று தெரிகிறது. தெரியாமல் பட்டன் பக்கத்தில் எடுத்திருந்தால், கேமராவுக்குப் போகும் கரன்ட் எல்லாம் சுருளைத் தாண்டித்தான் வர வேண்டும், ஹாரன் அடிக்கும்போதெல்லாம் கேமராவும் அணைந்திருக்கும். சில வண்டிகளில் பட்டன் பாசிட்டிவ் பக்கமே இருக்கும், அங்கே இந்த வழி ஒத்துவராது.

வரும் வயரில் கிளை எடுத்து, உடனே 2 ஆம்பியர் பியூஸ் போட்டு, கன்வெர்ட்டருக்குக் கொடுத்தோம். நெகட்டிவ் நேராக பேட்டரிக்கு. ரிலே வேண்டுமா என்று கேட்டேன். மூணு வாட் கேமராவுக்கு எதற்கு ரிலே என்று சிரித்தார். இணைப்பில் முறுக்கி டேப் சுற்றாமல் சால்டர் வைத்து, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்டார். பேட்டரியை சார்ஜ் ஏற்றியபின் சாவி எடுத்து மீட்டர் வைத்தோம். கேமரா இழுத்தது பூஜ்யம்.

செல்ஃப் அடிக்கும் நொடியில் வோல்ட் விழுவதால் கேமரா அணைந்து மறுபடி எழுகிறது. அதனால் இப்போதெல்லாம் சிவப்பு விளக்கு மினுக்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கியர் போடுகிறேன்.