மே மாதத்தில் கரைக்கு வந்த விசைப்படகு மீன்

போன புதன்கிழமை எங்கள் நிறுவனத்தின் இயக்குநர் குழுக் கூட்டம் நடந்தது. அதற்கு முந்தைய நான்கு நாளில் நான் பட்ட பாட்டை இங்கே எழுதி வைக்கிறேன். மீன் கணக்கோ, வேறு எந்தக் கணக்கோ, தேதி போட்ட பட்டியலை எக்செலில் கையாளுகிறவர்களுக்கு இது உதவும்.

ராமநாதபுரத்தில் மீனவர்கள் பங்குதாரர்களாக இருக்கும் ஒரு நிறுவனத்தில் டேட்டா அனலிஸ்ட் வேலை. சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. ராமேஸ்வரம், மண்டபம் இறங்குதளங்களில் நாங்கள் வாங்கும் மீனின் கணக்கு பில் போடும் மென்பொருளிலிருந்து CSV கோப்பாக வரும். அதை மாதவாரியாகக் கூட்டிப் படம் போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. இந்த முறை குழுவின் முன் இருந்த கேள்வி, வாடகைக்கு எடுத்திருக்கும் ஐஸ் ஆலையை மீன்பிடித் தடைக் காலத்திலும் கையில் வைத்திருப்பதா, அந்த இரண்டு மாதத்துக்கு விட்டுவிடுவதா என்பது. எனக்கு முன்னால் இருந்தவர் தயாரித்து வைத்த ஷீட்டில் தடைக் காலத்திலும் வரத்து ஓரளவு இருந்தது. அதை வைத்து மேனேஜர் "தொடர்ந்து எடுக்கலாம்" என்று குறிப்பும் எழுதிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் படத்துக்கு நிறம் மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் மே மாதத் தூண் உறுத்தியது. நான் தங்கச்சிமடத்துக்காரி. எங்கள் வீட்டில் மே மாதம் என்றால் அப்பா திண்ணையில் உட்கார்ந்து வலை பொத்தும் மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அப்படியிருக்க மே மாதத்தில் எங்கிருந்து மீன் வந்தது?

மேனேஜரிடம் போனில் சொன்னேன். "நாட்டுப்படகு மீனா இருக்கும்மா, அவங்களுக்குத் தடை கிடையாதே" என்றார். நியாயமான பதில்தான். அதனால் படகு வகையில் `விசை` என்று மட்டும் ஃபில்டர் போட்டேன். அப்போதும் வரிகள் நின்றன. மே 1, 2, 3, 9, 10. ஜூனில் 4, 7, 8. எட்டு நாளில் 38 டன், அதில் பாதி இறால். அப்பாவுக்குப் போன் போட்டு "மே மூணாம் தேதி போட்டு போச்சாப்பா?" என்று கேட்டேன். "போட்டெல்லாம் கரையில ஏத்திக் கெடந்துச்சே, யாரு போனா?" என்றார்.

ஒரு விஷயம் கண்ணில் பட்டது. தடைக் காலத்தில் வந்த எந்த வரியும் 12ஆம் தேதியைத் தாண்டவில்லை. மே 13 முதல் மாதக் கடைசி வரை சுத்தமாகக் காலி. எங்கேயாவது இப்படி 12இல் நின்றால், நாளும் மாதமும் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாதம் பன்னிரண்டுதானே இருக்கிறது.

நடந்தது இதுதான். பில் மென்பொருள் 5 மார்ச்சை `05/03/2023` என்று எழுதுகிறது. அலுவலகத்துக்குப் புதிதாக வாங்கிய லேப்டாப்பில் தேதி அமைப்பு `English (United States)` என்று இருந்தது. CSV கோப்பை டபுள் கிளிக் செய்து திறந்ததும் எக்செல் அதை மே 3 என்று எடுத்துக்கொண்டது. `17/03/2023` வந்தால் 17ஆவது மாதம் கிடையாது என்பதால் அதைத் தேதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. வழக்கமாக எழுத்து இடப்பக்கமும் தேதி வலப்பக்கமும் ஒட்டி நிற்கும், பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஆனால் அந்த ஷீட்டில் எல்லாக் கட்டத்தையும் நடுவில் நிறுத்தி அழகு பண்ணியிருந்தார்கள். தெரியவே இல்லை.

எழுத்தாக நின்றவற்றை முன்பிருந்தவர் கவனித்திருக்கிறார். சரிசெய்ய இந்த ஃபார்முலாவைப் போட்டிருக்கிறார்:

```
=IF(ISNUMBER(A2),A2,DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2)))
```

ஏற்கனவே தேதியாக இருந்தால் அப்படியே விடு, எழுத்தாக இருந்தால் நாள், மாதம், ஆண்டு பிரித்துத் தேதியாக்கு என்று அர்த்தம். எழுத்தாக நின்றவை சரியாகிவிட்டன. ஏற்கனவே தப்பாகத் தேதியானவை அப்படியே தங்கிவிட்டன. ஒரு வருடத்தில் 12ஆம் தேதிக்குள் வரும் நாட்கள் 144. அதில் 5/5, 6/6 போல மாறினாலும் மாறாதவை 12. மிச்சம் 132 நாள் வேறு மாதத்துக்குக் குடிபோயிருக்கிறது. பிழைச் செய்தி ஒன்றுகூட வராது, காலிக் கட்டமும் இருக்காது. வருட மொத்தம் தணிக்கைக் கணக்கோடு கிலோ பிசகாமல் பொருந்தும். இதைத்தான் மேனேஜர் திரும்பத் திரும்பச் சொன்னார்: "டோட்டல் டேலி ஆகுதே, அப்புறம் என்ன?" டோட்டல் டேலி ஆவது ஒரு வரியும் தொலையவில்லை என்பதற்குத்தான் சாட்சி. வரி சரியான மாதத்தில் நிற்கிறதா என்று அது சொல்லாது.

குழுவிடம் காட்ட ஆதாரம் வேண்டும் என்றார். திங்கட்கிழமை பஸ் ஏறி ராமேஸ்வரம் போனேன். 55 கிலோமீட்டர், பாம்பன் பாலத்தில் நெரிசல் வேறு. படகெல்லாம் கடலுக்குப் போயிருந்தன, ஏலம் நடக்கும் இடம் வெறிச்சென்று கிடந்தது. எங்கள் நிறுவனத்துக் கணக்கப்பிள்ளைதான் இருந்தார். பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். "ஹெட் ஆபீஸ் லெட்டர் இருக்காம்மா?" என்றார். நானே ஹெட் ஆபீசிலிருந்துதான் வருகிறேன் என்று அடையாள அட்டையைக் காட்டினேன். "கார்டு வேற, லெட்டர் வேற" என்று பீரோவைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டார். மேனேஜருக்குப் போன் போட்டால் அவர் மீட்டிங்கில். ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். போக வர நாலு மணி நேரம், அரை நாள் சம்பளப் பிடித்தம், கையில் ஒன்றுமில்லை. இன்னும் மனசு ஆறவில்லை. இறங்குதளத்துக்குப் போகிறவர்கள், சொந்த நிறுவனமாகவே இருந்தாலும், கையெழுத்தும் சீலும் வைத்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு போங்கள்.

செவ்வாய் விடிகாலை லெட்டரோடு மறுபடி போனேன். திங்கள் போன படகுகள் கரை சேர்ந்து இறாலும் கணவாயும் சங்காயமும் கூடை கூடையாக இறங்கிக்கொண்டிருந்தன. ஏலம் முடியும் வரை அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டரை மணிக்கு விசைப்படகுப் பதிவேட்டை எடுத்துப் போட்டார். அதைத் திறந்தபோது அவர் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் தேதிக்குப் பக்கத்தில் கிழமையும் தன் கையால் எழுதி வைத்திருந்தார். "5 மார்ச், ஞாயிறு" என்ற பக்கத்தில் இருந்த எடை, என் ஷீட்டில் மே 3க்கு நேரே நின்ற அதே எடை. ஏப்ரல் 15க்குப் பிறகு ஒரு பக்கத்தில் குறுக்கே கோடு போட்டு "தடை" என்று எழுதியிருந்தது. அடுத்த பக்கமே ஜூனின் பின்பாதி.

அந்தக் கிழமைதான் எனக்கு வழியும் காட்டியது. பாக் விரிகுடாப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி மட்டுமே கடலுக்குப் போகும், மற்ற நாலு நாள் நாட்டுப்படகுக்கு. போனவை மறுநாள் காலை கரைக்கு வரும். அப்படியானால் விசைப்படகு மீன் செவ்வாய், வியாழன், ஞாயிறு கிழமைகளில்தான் எடை போடப்பட்டிருக்க வேண்டும். தேதிக்குப் பக்கத்தில் ஒரு பத்தி சேர்த்தேன்:

```
=TEXT(B2,"ddd")
```

பழைய ஷீட்டில் 12ஆம் தேதிக்கு மேற்பட்ட வரிகள் கிட்டத்தட்ட எல்லாம் அந்த மூன்று கிழமையில் அடங்கின. 12க்கு உட்பட்டவை ஏழு கிழமைக்கும் சிதறிக் கிடந்தன. மே 3 புதன்கிழமை, கடலுக்குப் போகிற நாள். அன்று விசைப்படகு மீனை எடை போடுகிற வழக்கமில்லை.

திருத்துவதில் ஒரு கண்ணி உண்டு. தேதியாக இருப்பவற்றின் நாளையும் மாதத்தையும் ஃபார்முலாவால் திருப்பிப் போட்டால் முடிந்தது என்றுதான் நானும் தொடங்கினேன். மண்டபம் வரிகளில் சிலவற்றைப் பின்னால் யாரோ கையால் சரியாகவே அடித்திருந்தார்கள். திருப்பினால் அவை கெட்டுவிடும். கெட்டதையும் நல்லதையும் பிரிக்க அந்த ஷீட்டில் எந்த அடையாளமும் இல்லை. அதனால் மூலக் கோப்புக்கே போக வேண்டியிருந்தது. மென்பொருள்காரர் போனை எடுக்கவில்லை. நல்லவேளையாக யாரும் திறந்து சேமிக்காத பிரதிகள் பழைய மின்னஞ்சல்களில் மாதம் மாதமாக இணைப்பாகக் கிடந்தன.

செவ்வாய் ராத்திரி அவற்றை `Data > From Text/CSV` வழியாக ஏற்றினேன். டபுள் கிளிக் கூடாது. முன்னோட்டத்தில் `Do not detect data types` கொடுத்துவிட்டு, பிறகு தேதிப் பத்தியில் `Change Type > Using Locale` போய் `English (India)` தேர்ந்தேன். பன்னிரண்டு கோப்பு, மற்றபடி சிரமமில்லை. தடைக் காலத்தில் விசைப்படகு வரி பூஜ்யம். கிழமைக் கணக்கில் மூன்று நாளுக்கு வெளியே நின்றவை பதினொன்று. பதிவேட்டில் பார்த்தால், அத்தனையும் நேரம் தாழ்ந்து கரைக்கு வந்து மறுநாள் எடை போட்டவை. தடை முடிந்து வரும் ஜூலை, ஆகஸ்ட் தூண்கள் பழைய படத்தைவிட நன்றாக உயர்ந்துவிட்டன. பழைய ஷீட்டில் ஒவ்வொரு மாதத்தின் முதல் பன்னிரண்டு நாளும் வருடம் முழுக்கச் சிதறியதால் ஏற்றமும் இறக்கமும் சமமாகித் தெரிந்திருக்கிறது. ஐஸ் தேவைப்படாத மாதத்தில் தேவை இருப்பதாகவும், தேவைப்படும் மாதத்தில் குறைவாகவும் காட்டியிருக்கிறது.

புதன் காலை ஒன்பது மணிக்கு மேனேஜர் மேசையில் இரண்டு படத்தையும் பதிவேட்டின் மூன்று பக்க நகலையும் வைத்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் குறிப்பைத் தானே அடித்துவிட்டு, "நீயே உள்ள வந்து சொல்லு" என்றார். பதினொரு மணிக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசினேன். இயக்குநர்களில் பாதிப் பேர் படகுக்காரர்கள். மே மாதத்துக் காலி இடத்தைக் காட்டியபோது யாரும் விளக்கம் கேட்கவில்லை. அந்த இரண்டு மாதத்துக்கு ஐஸ் ஆலை வாடகையை விட்டுவிட்டு, ஜூன் 15 முதல் கூடுதல் ஐஸுக்கு முன்பணம் கொடுப்பது என்று முடிவானது.

லேப்டாப்பின் தேதி அமைப்பை அன்றே மாற்றிவிட்டேன். நாட்டுப்படகு வரிகளிலும் இதே பிழைதான் இருந்தது. அவர்களுக்குத் தடையும் இல்லை, அந்த மூன்று நாள் கணக்கும் இல்லை. அதனால் படத்தைப் பார்த்து எவரும் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்த வரிகளை நாட்டுப்படகுப் பதிவேட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிடத் தொடங்கியிருக்கிறேன். மார்ச் வரை முடிந்திருக்கிறது. அடுத்த செவ்வாய் மறுபடி ராமேஸ்வரம் போகிறேன், சீல் வைத்த லெட்டர் இரண்டு பிரதி எடுத்து வைத்துவிட்டேன்.