31 நாள் லீவுக்கு அப்புறம்: ஓட்டமும் ஸ்குவாட்டும் திரும்பி வந்த கதை

ஆவணியில் தங்கை கல்யாணம். பத்திரிகை, பந்தல், ஜவுளி என்று ஊரிலேயே தங்கிவிட்டதில் 31 நாள் ஓட்டமும் இல்லை, ஜிம்மும் இல்லை. அதற்கு முன் இரண்டு வருடமாக வாரத்தில் மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் எடை என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தேன். நோட்டில் எல்லாக் கணக்கும் இருந்ததால், இந்த முறை எது எவ்வளவு போனது, எத்தனை நாளில் திரும்பியது என்று அளந்து பார்க்கலாம் என்று தோன்றியது.

ஓட்டத்துக்கு நான் வைத்திருக்கும் சோதனை எளிமையானது. அதே பாதை, காலை 5:45 மணி, கிலோமீட்டருக்கு 6 நிமிட வேகம், 30 நிமிடம். நெஞ்சுப் பட்டை போட்டுக்கொண்டு சராசரி இதயத்துடிப்பைக் குறித்துக்கொள்வேன். நேரத்தை மாற்றக்கூடாது, ஏனென்றால் வெயில் ஏறினாலே துடிப்பு தானாக ஏறிவிடும். ஊருக்குப் போவதற்கு முந்தைய வாரம் இந்தச் சோதனையில் 148 வந்தது. தோளில் எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் 90 கிலோவை 5 முறை தூக்கிக்கொண்டிருந்தேன்.

கோவை திரும்பிய மறுநாள் ஓடினேன். சராசரி 165. இருபதாவது நிமிடத்தில் வாய் வழியாக மூச்சு வாங்கியது. பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம், இப்போது போட்டி ஓட்டம் போல ஆகிவிட்டது. கால் வலிக்கவில்லை, மூச்சுதான் போதவில்லை. இந்த வித்தியாசம் முக்கியம் என்பது அன்று புரியவில்லை.

அடுத்த நாள் ஜிம்மில்தான் தப்பு செய்தேன். பயிற்சியாளர் தம்பி, "இன்னைக்குப் பாதி வெயிட் போதுங்ணா" என்றான். கேட்டால்தானே. 60 கிலோ பூ மாதிரி ஏறியது. 80 வைத்தேன், அதுவும் 5 முறை ஏறியது. பலம் எங்கேயும் போகவில்லை என்ற குஷியில் 80 கிலோவிலேயே ஐந்து செட் முடித்தேன். மறுநாள் வலி லேசாகத்தான் இருந்தது. அதற்கு அடுத்த நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன். இந்தியன் டாய்லெட் பற்றி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். சரியாக நான்கு நாள் வீண்.

பலம் இருந்தும் ஏன் இந்த வலி? ஒரே அசைவைத் தொடர்ந்து செய்யும்போது, எடையோடு கீழே இறங்குகிற கட்டத்தின் அடியைத் தாங்க தசை பழகிக்கொள்கிறது. லீவில் அந்தப் பழக்கம் மங்கிவிடுகிறது. எடையைத் தூக்கும் திறன் அவ்வளவு சீக்கிரம் மங்குவதில்லை. அதனால் முதல் நாள் "தூக்க முடிகிறதா" என்று பார்ப்பது தப்பான அளவுகோல். முடியும், ஆனால் பில் 48 மணி நேரம் கழித்து வரும்.

வலி தீர்ந்ததும் 70 கிலோவில் இரண்டு செட்டிலிருந்து ஆரம்பித்தேன். அப்புறம் 80, 85. இருபதாவது நாள் 90 கிலோ, 5 முறை, பழையபடி. முதன்முதலில் 60-லிருந்து 90-க்கு வர எனக்கு ஐந்து மாதம் ஆனது.

இதைத்தான் எல்லோரும் தசை நினைவு என்கிறார்கள். கொஞ்சம் படித்துப் பார்த்ததில், என் விஷயத்தில் அந்தப் பெயர் பாதிதான் பொருந்துகிறது என்று தோன்றுகிறது. பயிற்சியில் தசை வளரும்போது தசை இழைக்குள் உட்கருக்களின் எண்ணிக்கை கூடும். தசை சுருங்கினாலும் அந்தக் கருக்கள் மிஞ்சி நிற்கும் என்று ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் குண்டர்சனின் குழு 2010-இல் எலிகளில் காட்டியது. மனிதரில் அது எந்த அளவுக்கு உண்மை என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனால் ஒரு மாத லீவில் தசை பெரிதாகச் சுருங்குவதே இல்லை, அப்புறம் எதை நினைவு வைத்துத் திரும்பக் கட்டுவது? எனக்கு மங்கிப்போனவை இரண்டு. ஒன்று, எத்தனை இழைகளை எந்த வரிசையில் ஒன்றாக இயக்குவது என்ற நரம்பின் பழக்கம் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. நாலைந்து முறை கம்பிக்கு அடியில் நின்றதும் அது சரியாகிவிட்டது. இன்னொன்று, தசையில் சேமித்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜன். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கல்யாணச் சாப்பாட்டில் இடுப்பு இரண்டு சென்டிமீட்டர் கூடியும், எடை மட்டும் அரைக் கிலோ குறைந்திருந்தது. தொடை தொளதொளவென்று இருந்ததைப் பார்த்து தசை போய்விட்டது என்று பயந்தேன். திரும்ப ஆரம்பித்த ஒரே வாரத்தில் எடை ஏறி, தொடையும் நிரம்பியது. ஒரு வாரத்தில் தசை வளராது. கிளைகோஜனும் தண்ணீரும்தான், வலியின் வீக்கமும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம்.

நீண்ட லீவு என்றால் கதை வேறு. பின்லாந்தின் யுவாஸ்கிலா பல்கலைக்கழகத்தில் 2024-இல் வெளியான ஆய்வில் ஒரு குழு 20 வாரம் விடாமல் எடை தூக்கியது. இன்னொரு குழு 10 வாரம் தூக்கி, 10 வாரம் விட்டு, மறுபடி 10 வாரம் தூக்கியது. கடைசியில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றன. உண்மையான தசை நினைவு அங்கேதான் வேலை செய்திருக்கும்.

ஓட்டம் இவ்வளவு இரக்கம் காட்டவில்லை. நன்றாகப் பயிற்சி பெற்ற ஏழு பேரை வைத்து எட்வர்ட் கோய்லின் குழு 1984-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் 21 நாளில் உடல் எடுத்துக்கொள்ளும் அதிகபட்ச ஆக்ஸிஜன் 7 சதவீதம் சரிந்தது. காரணம் பெரும்பாலும் இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தம் குறைந்ததுதான். ஓட்டத்தை நிறுத்திய சில நாட்களிலேயே ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா குறைய ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைவாகப் போனால், அதே வேகத்துக்கு அதிக முறை துடித்துத்தானே ஆகவேண்டும். என் 165-இன் பெரும்பகுதி அதுதான் என்று நினைக்கிறேன்.

சீக்கிரம் போனதில் ஒரு லாபம் உண்டு, பிளாஸ்மா சீக்கிரம் திரும்பும். எட்டாவது நாள் சோதனையில் 158. ஏழு துடிப்பு ஒரே வாரத்தில் இறங்கியது. அந்த வேகத்தில் போனால் இன்னும் பத்து நாளில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். இரண்டாவது வாரம் 155, நான்காவது வாரம் 151, ஆறாவது வாரம்தான் 149. மீதி வேலை தசைக்குள் நடப்பது. ஆக்ஸிஜனை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடுவதற்கு வாரக்கணக்கு ஆகும், அதை அவசரப்படுத்த வழி இல்லை.

நான்காவது வாரம் மூச்சு இலகுவானதும் இன்னொரு தப்பு. 5 கிலோமீட்டரிலிருந்து நேராக 9-க்குப் போனேன். ஓடும்போது சுகம். மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கியதும் முதல் பத்து அடிக்கு வலது குதிகாலுக்கு மேலே கயிறு இறுகியது போல ஒரு விறைப்பு, நடக்க நடக்கக் குறைந்தது. குதிகால் தசைநாண் மெதுவாகத்தான் பழகும், மூச்சோடு போட்டி போடாது. காலையில் மட்டும் விறைத்து, சூடானதும் மறைந்தால் அது முதல் எச்சரிக்கை. நாள் முழுக்க வலித்தாலோ வீங்கினாலோ டாக்டரிடம் போக வேண்டியதுதான். நான் தூரத்தை 4 கிலோமீட்டராகக் குறைத்து, படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்றும் பயிற்சியைத் தினமும் செய்தேன். பன்னிரண்டு நாளில் விறைப்பு போனது.

ஏழாவது வாரம் 5 கிலோமீட்டரை 27 நிமிடம் 55 விநாடியில் முடித்தேன். லீவுக்கு முன் இருந்த சிறந்த நேரம் 27:40. அந்த 15 விநாடி இன்னும் வரவில்லை. கார்த்திகையில் பெரியப்பா மகன் கல்யாணம். இந்தத் தடவை ஓட்ட ஷூவைப் பையில் வைத்திருக்கிறேன், வாரத்துக்கு இரண்டு நாள் 20 நிமிடம் வேகமாக ஓடினால் 148 எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.