எமிரேட்ஸ் எப்போது போனது? – ஒரு காலவரிசைக் குறிப்பு

ஜூன் 3, செவ்வாய்

ஸ்ரீலங்கன் விமான சேவையின் காலவரிசையில் இன்று எமிரேட்ஸ் பகுதி. தொடக்கம் சுலபம். 1998-இல், அப்போது எயார் லங்கா என்ற பெயரில் இருந்த ஸ்ரீலங்கனின் 40 வீதப் பங்கு சுமார் 7 கோடி டொலருக்கு எமிரேட்ஸிடம் கைமாறியது, கூடவே பத்து வருட முகாமைத்துவ ஒப்பந்தம். முடிவில்தான் சிக்கல். சில கட்டுரைகள் 2008 என்கின்றன, சில 2010 என்கின்றன. கூட வேலை செய்யும் தம்பி, "அண்ணே, ஏதாவது ஒன்றைப் போட்டுவிடுவோம்" என்கிறான். அவனுக்கு மதியச் சாப்பாட்டு அவசரம்.

ஜூன் 5, வியாழன்

கொழும்பு 7, தேசிய சுவடிகள் காப்பகம். பழைய பத்திரிகைத் தொகுதிகளின் ஓரம் தொட்டாலே உதிர்கிறது. பக்கத்தை மேல் மூலையில் பிடித்துத்தான் புரட்ட வேண்டும்.

முகாமைத்துவ ஒப்பந்தம் 2008 மார்ச் 31 திங்களன்று முடிந்தது. மறுநாள் பத்திரிகை "நேற்று" என்று எழுதினால் சரி, ஒரு நாளைக் கழித்தால் போதும். ஞாயிறு இதழ் "கடந்த வாரம்" என்று எழுதினால் அதை வைத்துத் திகதி போட முடியாது. அதனால் என் அட்டவணையில் நடந்த நாள், அறிவித்த நாள், அச்சான நாள் என்று மூன்று நிரல்கள். தெரியாத நிரல் வெறுமையாகவே இருக்கட்டும்.

ஒரே செய்தி மூன்று பத்திரிகைகளில் கிடைத்தால் மூன்று சாட்சி ஆகிவிடாது. பந்திகளின் வரிசையும் அதிகாரியின் மேற்கோளும், ஏன் எழுத்துப் பிழையும்கூட ஒன்றாக இருந்தால், மூன்றும் ஒரே ஊடக அறிக்கையின் பிள்ளைகள். அதை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

ஊடக அறிக்கைகளை web.archive.org-இல் தேடினேன். முகவரியில் வரும் 14 இலக்கம் பக்கம் சேமிக்கப்பட்ட நேரம், வெளியான நேரம் இல்லை. அறிக்கை அதற்குப் பிந்தியதல்ல என்பதற்கு மட்டும்தான் அது ஆதாரம். அதுவும் கிரீன்விச் நேரம்: `20080331200000` என்றால் கொழும்பில் ஏப்ரல் 1 விடியற்காலை 1.30.

அப்புறம், "செய்யப்படும்" என்று முடியும் அறிக்கையை நடந்த நிகழ்வாகப் பதியக்கூடாது. நடந்ததற்குத் தனியாக ஆதாரம் வேண்டும்.

ஜூன் 11, புதன்

2008-உம் சரி, 2010-உம் சரி. 2008-இல் போனது நிர்வாகம், பங்கு அல்ல. அந்தப் பங்கை அரசாங்கம் 2010-இல் 5.3 கோடி டொலருக்கு வாங்கியது. எனவே இரண்டு வரிகள்.

ஆனால் 2010-இல் விற்றது 43.63 வீதம். 1998-இல் 40. நடுவில் எங்கோ 3.63 வீதம் கூடியிருக்கிறது, காலவரிசையில் அதற்கு ஒரு வரி குறைகிறது. இவ்வளவு சிறிய மாற்றத்துக்குத் தலைப்புச் செய்தியைத் தேடுவது வீண். ஆண்டறிக்கைகளின் பங்குதாரர் பட்டியலை வருடம் வருடமாக ஒப்பிட்டு, எண் எந்த இரண்டு அறிக்கைகளுக்கு நடுவில் மாறுகிறது என்று பிடித்துவிட்டால், பத்திரிகையில் பன்னிரண்டு மாதம் மட்டும் புரட்டினால் போதும். தம்பி 1999 அறிக்கையிலிருந்து தொடங்குகிறான், நான் 2009-இலிருந்து பின்னோக்கி வருகிறேன்.