அட்வான்ஸுக்கு ஒரு அட்வான்ஸ்

ஆகஸ்ட் 12, 2024

இரவு பத்து மணிக்குத் தம்பியின் வாட்ஸாப். "அக்கா, ஹெச்ஆருக்கு ஒரு மெயில். தப்பு இருந்தா திருத்திக் கொடு."

திறந்தேன். முதல் பத்தி முழுக்க மன்னிப்பு. தொந்தரவுக்கு, நேரத்தை வீணாக்குவதற்கு, அப்புறம் பொதுவாக. பணம் வேண்டும் என்கிற விஷயம் பதினோராவது வரியில்தான் வருகிறது. அனுப்புவது ஒரு மேடத்துக்கு, தொடக்கம் 'ரெஸ்பெக்டட் சார்'. தலைப்பில் 'சேலரி அட்வான்ஸ்' என்பதற்குப் பதில் 'சேலரி அட்வைஸ்'. ஸ்பெல்செக் இதைப் பிடிக்காது, அதுவும் சரியான சொல்தானே.

ஆகஸ்ட் 13

பிழையைத் திருத்த உட்கார்ந்தால் மெயிலே புரியவில்லை. 'அட்வான்ஸ்' ஆறு இடத்தில் வருகிறது. மூன்று இடத்தில் சம்பள அட்வான்ஸ், மூன்று இடத்தில் புது வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய அட்வான்ஸ். "அட்வான்ஸ் தருவதற்கு அட்வான்ஸ் தேவை" என்றே ஒரு வரி. வீட்டுக்கானதை 'ரென்டல் டெபாசிட்' என்று மாற்றியதும் பாதிக் குழப்பம் போனது.

மீதி கணக்கில் இருந்தது. டெபாசிட் 60,000, கையில் இருப்பது 25,000, ஆக 35,000 தேவை. பயத்தில், "இரண்டு மாதச் சம்பளத்தை அப்படியே பிடித்துக்கொள்ளவும்" என்று எழுதியிருக்கிறான். கையில் வருவதே 20,000. எதைச் சாப்பிடுவான்? பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. பிஎஃப் வேறு போகிறது. மாதம் 5,000, ஏழு தவணை என்று மாற்றினேன். 'அடுத்த மாதம் முதல்' என்பதையும் எடுத்துவிட்டேன். அது செப்டம்பரில் வரும் ஆகஸ்ட் சம்பளமா, செப்டம்பர் சம்பளமா? 'செப்டம்பர் சம்பளம் முதல் மார்ச் சம்பளம் வரை' என்றால் சந்தேகம் இல்லை.

பழைய வீட்டுக்காரரோடு நடந்த சண்டைக்கு ஒரு பத்தி. அடித்துவிட்டேன். மெயில் ஹெச்ஆரோடு நிற்காது, அக்கவுன்ட்ஸுக்கும் மேனேஜருக்கும் போகும்.

'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' மட்டும் இருக்கட்டும் என்று கெஞ்சினான். விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 14

காலையில் அனுப்பினான். மொத்தம் ஏழு வரி. நாளை விடுமுறை, 20ஆம் தேதியோடு அவர்கள் சம்பளக் கணக்கை மூடிவிடுவார்கள். அதனால்தான் அவசரப்படுத்தினேன்.

ஆகஸ்ட் 20

பதில் வந்தது. ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் தர விதி இல்லையாம். 20,000 கிடைக்கும், மாதம் 4,000 வீதம் ஐந்து தவணை. இந்த உச்சவரம்பை முதலிலேயே கேட்கச் சொல்லியிருக்க வேண்டும். என் தப்பு.

பத்து நிமிடத்தில் எனக்கு ஒரு மெயில், தலைப்போடு. "தேவை 15,000. அக்டோபர் முதல் ஜூலை வரை மாதம் 1,500, பத்துத் தவணை." மன்னிப்பு ஒன்றுகூட இல்லை. கணக்கும் சரியாக இருந்தது. தொடக்கம் மட்டும் 'ரெஸ்பெக்டட் சார்'.